1990 எட்டாம் வகுப்புக்கு ஒரு திருத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள். கணக்கு வரும், பயப்பட வேண்டாம்.

மேலூர் ரோட்டுப் பள்ளியில் 1990-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் இதில் பத்துப் பன்னிரண்டு பேராவது இருக்கிறீர்கள். வகுப்பறையின் பின் சுவரில் நாம் ஒட்டிய வரைபடத்தாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "மதுரை மாநகரின் மக்கள்தொகை" என்று மேலே சிவப்பு மையில் எழுதியது நான். ஒன்பது புள்ளிகள் வைத்தது நீங்கள். அதன் குறுக்கே ஒரு கறுப்பு நூலை இழுத்துப் பிடித்து, "1991-ல் மதுரையில் ஒன்பதே கால் லட்சத்திலிருந்து ஒன்பதரை லட்சம் பேர் இருப்பார்கள், 2001-ல் பன்னிரண்டு லட்சம் பேர் இருப்பார்கள்" என்று நான் சொன்னேன். முதலாவது பலித்தது. இரண்டாவது பலிக்கவில்லை. பலிக்காததை உங்களிடம் நான் சொல்லவே இல்லை. அதற்குத்தான் இந்தத் திருத்தம்.

இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், பேத்தியால். கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஏதாவது ஒரு வளர்ச்சியை எடுத்து, மடக்கை போட்டு நேர்கோடாக்கி அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் வீட்டில் அடிக்கடி பெருமை அடித்த கதை இது என்பதால் மதுரை மக்கள்தொகையையே எடுத்துக்கொண்டாள். அறிக்கை திரும்பி வந்துவிட்டது. ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் "இது எத்தனை மனிதர்?" என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "தாத்தா, உங்க ஊரு கணக்கு என்னை மாட்டிவிட்டுருச்சு."

முதலில் அந்தச் சுவருக்குப் போவோம்.

மாவட்ட மக்கள்தொகைக் கையேட்டிலிருந்து நான் எடுத்த எண்கள் இவை, லட்சத்தில்: 1901-ல் 1.06, 1911-ல் 1.34, 1921-ல் 1.39, 1931-ல் 1.82, 1941-ல் 2.39, 1951-ல் 3.62, 1961-ல் 4.25, 1971-ல் 5.49, 1981-ல் 8.21. இதை அப்படியே தாளில் வைத்தால் முதல் நாலு புள்ளி தரையில் படுத்துக் கிடக்கும், கடைசிப் புள்ளி கூரைக்கு ஓடும். அந்த வளைவின் குறுக்கே அளவுகோலை வைக்க முடியாது. அடுத்த புள்ளி எங்கே வரும் என்று கையால் சொல்லவும் முடியாது.

ஆனால் ஊர் வளர்வது வட்டிக்கு வட்டி மாதிரி. பத்து வருஷத்துக்கு இத்தனை பேர் என்று கூடுவதில்லை, இத்தனை மடங்கு என்று பெருகுகிறது. தொடக்கத்தில் P0 பேர், பத்தாண்டுக்கு ஒருமுறை g மடங்கு என்றால், t பத்தாண்டு கழித்து P = P0 × g^t. இரண்டு பக்கமும் மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும்:

log P = log P0 + t × log g

t-ஐக் கிடையாகவும் log P-ஐ நெடுக்காகவும் வைத்தால் இது நேர்கோடு. கிளார்க் அட்டவணையை வைத்துக்கொண்டு நான் மடக்கை படிக்க, நீங்கள் புள்ளி வைத்தீர்கள். 1.06-க்கு 0.025, 1.34-க்கு 0.127, இப்படியே போய் 8.21-க்கு 0.914. எட்டாம் வகுப்புக்கு மடக்கை பாடத்தில் இல்லை. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒன்பது புள்ளியும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வந்து நின்றபோது பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கைதட்டினான். யார் என்று அவனுக்கே தெரியும்.

(ஒரு சின்னக் குறுக்கீடு. ஊசலின் நீளத்துக்கும் அலைவு நேரத்துக்கும் உள்ள உறவு வேறு வகை. அங்கே நேரம், நீளத்தின் அடுக்காகப் போகிறது. அதற்கு இரண்டு பக்கமும் மடக்கை எடுக்க வேண்டும். சாய்வு 0.5 என்று வரும், அந்த 0.5 தான் அடுக்கு. ஊர் வளர்ச்சிக்கு ஒரு பக்கம் மட்டும்தான் மடக்கை, காலம் காலமாகவே இருக்கும். எதை நேர்கோடாக்குகிறோம் என்பது எந்த அச்சில் மடக்கை போட்டோம் என்பதில் இருக்கிறது. பேத்தியின் வகுப்பில் பாதிப் பேர் இதைக் குழப்பியிருக்கிறார்கள் என்றாள்.)

நூலை இழுத்துப் பிடித்தபோது கண் மதிப்பில் கிடைத்தது போன வாரம் கணினியிலும் கிடைத்தது. t-ஐ 1901-க்கு 0, 1911-க்கு 1 என்று போட்டு இரண்டே கட்டத்தில் எழுதினாள்:

```
=SLOPE(C2:C10,B2:B10)
=INTERCEPT(C2:C10,B2:B10)
```

சாய்வு 0.111, வெட்டுத்துண்டு −0.025. சாய்வை மடக்கையிலிருந்து திருப்பினால் 10^0.111, அதாவது 1.29. பத்தாண்டுக்கு 29 சதவீதம். 1991 என்பது t = 9. கணக்குப் போட்டால் 0.975, திருப்பினால் 9.43 லட்சம். 1991 கணக்கெடுப்பில் வந்தது 9.41 லட்சம்.

அப்போது நான் அடைந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. அந்தக் கணக்கெடுப்பில் நானும் வீடு வீடாகப் போன கணக்கெடுப்பாளன். நமக்குத்தான் தெரியுமே, அரசு எந்தக் கணக்கெடுப்பு நடத்தினாலும் முதலில் ஆசிரியரைத்தான் கூப்பிடும். நான் எண்ணிய ஆட்கள், நான் சொன்ன எண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. நான்கைந்து வருஷம் ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொன்னேன்.

2001 வந்தது. நூல் காட்டியது 12.2 லட்சம். வந்தது 9.29 லட்சம். கூடவில்லை என்பது மட்டுமல்ல, 1991-ஐவிடக் குறைந்திருந்தது. தாளை நான் கழற்றினேன், சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன்.

பேத்தியின் அறிக்கைக்கு வருகிறேன். அவள் 2011 வரை பன்னிரண்டு புள்ளியும் எடுத்துக்கொண்டாள் (1991, 2001 மேலே சொன்னவை, 2011-ல் 10.18 லட்சம்). வருஷத்தை அப்படியே 1901, 1911 என்று ஒரு வரிசையில் போட்டு, வரைபடத்தில் அடுக்குக்குறிப் போக்குக்கோடு கேட்டிருக்கிறாள். திரையில் வந்தது:

y = 1E-14e^(0.023x), R² = 0.97

அறிக்கையில் இப்படி எழுதினாள்: "1E-14 என்பது தொடக்க மக்கள்தொகை. 0.023 என்பது வளர்ச்சி. R² 0.97 என்பதால் மாதிரி மிகவும் பொருத்தமானது." வட்டம் விழுந்தது முதல் வாக்கியத்துக்கு. எனக்கு மூன்றுமே உறுத்தின.

1E-14 என்றால் ஒரு மனிதனை நூறு லட்சம் கோடித் துண்டாக்கி அதில் ஒரு துண்டு. இது எங்கிருந்து வந்தது? வெட்டுத்துண்டு என்பது x = 0 என்ற இடத்தில் கோடு எங்கே நிற்கிறது என்பது. அவள் x-ஆகப் போட்டது வருஷம். x = 0 என்றால் கி.பி. பூஜ்யம். 1901-லிருந்து அந்தக் கோட்டைப் பத்தொன்பது நூற்றாண்டு பின்னால் இழுத்துக்கொண்டு போய், அங்கே மதுரையில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறாள். பாண்டியர் காலத்து மதுரையில் ஒரு முழு மனிதன்கூட இல்லை என்கிறது கணினி! கணக்கு தப்பில்லை, கேள்வி தப்பு. வருஷத்தில் 1901-ஐக் கழித்துவிட்டுப் போட்டால் அதே கோடுதான், அதே சாய்வுதான், வெட்டுத்துண்டு மட்டும் 1.02 லட்சம் என்று வரும். அதைத்தான் "1901-க்கு இந்தக் கோடு தரும் மதிப்பு" என்று எழுத வேண்டும். அப்போதும் "1901-ன் மக்கள்தொகை" என்று எழுதக்கூடாது, ஏனென்றால் எண்ணிப் பார்த்தது 1.06.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. திரையில் தெரியும் 1E-14, 0.023 இரண்டும் வெட்டிச் சுருக்கிய எண்கள். அவற்றைக் கையால் எடுத்து 2011-க்குப் போட்டால் 12.2 லட்சம் வருகிறது. சுருக்காத எண்ணைப் போட்டால் 12.9. x இரண்டாயிரம் அளவில் இருக்கும்போது மூன்றாம் தசமத்துக்கு அப்பால் விட்டது இப்படிப் பெருகிவிடும். 1901-ஐக் கழித்துவிட்டால் இந்தத் தொல்லையும் பெரும்பாலும் போய்விடும்.

அடுத்து 0.023. "தாத்தா, உங்க சாய்வு 0.1-னு வருது, எனக்கு 0.023-னு வருது, எது சரி?" என்றாள். பன்னிரண்டு புள்ளிக்கும் நான் போட்டால் சாய்வு 0.100. இரண்டும் ஒன்றுதான். நான் எடுத்தது பத்தடிமான மடக்கை, ஒரு படி பத்தாண்டு. கணினி எடுத்தது e அடிமான மடக்கை, ஒரு படி ஓராண்டு. 0.100-ஐ 2.303-ஆல் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 0.023. எந்த அடிமானம், எந்தக் கால அலகு என்று எழுதாமல் விட்ட சாய்வு, ரூபாயா பைசாவா என்று எழுதாத கடன் சீட்டு மாதிரி.

அறிக்கையில் படிக்கிறவருக்குச் சாய்வை அப்படியே கொடுப்பதைவிட, திருப்பிக் கொடுப்பது நல்லது. e^0.023 என்பது 1.023, அதாவது ஆண்டுக்கு 2.3 சதவீதம். 10^0.100 என்பது 1.26, அதாவது பத்தாண்டுக்கு 26 சதவீதம். 2.3-ஐப் பத்தால் பெருக்கி 23 என்று எழுதிவிடாதே என்றேன், வட்டிக்கு வட்டி சேர்ந்துதான் 26. இன்னும் எளிதாகச் சொல்ல வேண்டுமென்றால் இரட்டிப்புக் காலம்: log 2 என்பது 0.301, அதைச் சாய்வால் வகுத்தால் மூன்று பத்தாண்டு. "இந்தக் கோட்டின்படி மதுரை 30 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது." இதை என் தங்கச்சி வீட்டுக்காரரும் புரிந்துகொண்டார்.

மூன்றாவதுதான் எனக்கு உறைத்தது. R² 0.97. நான் சுவரில் நூலைப் பிடித்துக் கைதட்டு வாங்கியதும் இதே 0.97 மாதிரியான திருப்திதான். நூறு வருஷமாக ஏறிக்கொண்டே வந்த எதன் மடக்கைக்கும் R² நன்றாகத்தான் வரும். அது கோடு சரியா என்று சொல்லாது. அதற்குப் பார்க்க வேண்டியது மிச்சங்களை: உண்மைப் புள்ளியிலிருந்து கோட்டின் மதிப்பைக் கழித்தது. பேத்தியை ஒவ்வொன்றாகக் கழிக்கச் சொல்லி, குறியை மட்டும் வரிசையாக எழுதச் சொன்னேன்:

+ + − − − + + + + + − −

புள்ளிகள் கோட்டைச் சுற்றித் தற்செயலாகச் சிதறியிருந்தால் கூட்டலும் கழித்தலும் கலந்து வந்திருக்கும். இது கூட்டங்கூட்டமாக நிற்கிறது. ஐந்து கூட்டல் சேர்ந்து, பிறகு சரிவு. கோட்டுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஊரில் நடந்திருக்கிறது என்று அர்த்தம். அளவையும் பார்க்க வேண்டும். 1981-ன் மிச்சம் +0.104, 2011-ன் மிச்சம் −0.103. மடக்கையில் 0.1 என்றால் சின்னதாகத் தோன்றும். திருப்பினால் 1981-ல் ஊர் கோட்டைவிட 27 சதவீதம் மேலே, 2011-ல் 21 சதவீதம் கீழே. மடக்கைத் தாளில் விரல் அகல விலகல், ஊரில் இரண்டு மூன்று லட்சம் பேர்.

"என்ன நடந்துச்சு தாத்தா?"

1921-ல் நடந்தது எல்லோருக்கும் தெரிந்தது. 1918-ன் விஷக்காய்ச்சல். அந்தப் பத்தாண்டில் இந்தியாவின் மொத்த மக்கள்தொகையே குறைந்தது, மதுரை 1.34-லிருந்து 1.39-க்கு நகர்ந்ததே பெரிது. 1981-ன் தாவல் வேறு கதை. 1971-ல் மதுரை மாநகராட்சி ஆனது, அதன் பிறகு எல்லை விரிந்தது. புது ஆட்கள் வந்தது பாதி, இருந்த ஆட்களைக் கோட்டுக்குள் சேர்த்தது பாதி. என் ஒன்பது புள்ளிகளில் கடைசிப் புள்ளி அதுதான், நூலை மேலே தூக்கியதும் அதுதான்.

2001-ஐ நான் கையேட்டில் படிக்கவில்லை, நடந்து பார்த்தேன். 1991-ல் மாசி வீதிகளுக்குப் பின்னால் எனக்கு ஒதுக்கிய தெருக்களில் ஒரு வீட்டில் ஏழு பேர் எழுதினேன். 2001 பிப்ரவரியில் அதே தெருவுக்குப் போனால் அந்த வீடு பாத்திரக் குடோன். பக்கத்து வீடு லாட்ஜ். கணக்கெடுப்புப் படிவத்தில் அதற்கு எழுத ஆள் இல்லை. அந்த ஏழு பேர் எங்கே போனார்கள் என்று கேட்டதற்கு, ஆனையூரில் இடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் பூட்டுக்கடைக்காரர். ஆனையூர் அப்போது மாநகராட்சி இல்லை. அவனியாபுரமும் இல்லை, திருப்பரங்குன்றமும் இல்லை. மதுரைக்காரர்கள் மதுரையை விட்டு எங்கும் போகவில்லை, எல்லைக் கோட்டைத் தாண்டி இரண்டு பஸ் ஸ்டாப் போய்விட்டார்கள். சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுதியின் கணக்கில் 2001-ல் 12 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

இங்கேதான் பேத்தி துள்ளினாள். "தாத்தா, உங்க நூல் 12.2 சொன்னது, நீங்க ஜெயிச்சிட்டீங்க!" 2011-க்குப் போட்டுப் பார்த்தாள். நூல் சொல்வது 15.7. 2011-ல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாகி, சுமார் 52 சதுர கிலோமீட்டர் 148 ஆனது. அந்தப் புது எல்லைக்குள் 14.7 லட்சம் பேர். கிட்டத்தட்ட வந்துவிட்டதே!

ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு 1991-ஐக் கேட்டேன். அந்த வருஷம் நகரத் தொகுதி 10.9 லட்சம். நூல் சொன்னது 9.43. அப்படியானால் 1991-க்கு மாநகராட்சி எல்லை, 2001-க்குத் தொகுதி எல்லை, 2011-க்குப் புது எல்லை என்று, எந்த எல்லை என் கோட்டுக்குப் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் நான் செய்த தப்பைவிட இது பெரிய தப்பு. எண்களுக்குக் கோடு போடலாம், கோட்டுக்கு எண் தேடக்கூடாது. முதல்தடவை 9.41 பொருந்தியதிலும் தற்செயல் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். எல்லை விரிந்ததால் உயர்ந்த ஒரு புள்ளியும், ஆட்கள் வெளியேறத் தொடங்கிய ஒரு பத்தாண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டன.

பிறகு பேத்தி பழைய எல்லைப் புள்ளிகளை இரண்டாகப் பிரித்தாள். 1901 முதல் 1981 வரை ஒரு கோடு: பத்தாண்டுக்கு 29 சதவீதம். 1981 முதல் 2011 வரை இன்னொன்று: சாய்வு 0.027, பத்தாண்டுக்கு ஆறரை சதவீதம். நாலே புள்ளி, அதில் ஒன்று கீழே இறங்கியது, ஆகவே அந்த ஆறரையைத் தசமத்தோடு எழுதாதே என்றேன். அறிக்கையில் அவள் கடைசியாக எழுதிய பத்தி இது, அவள் அனுமதியோடு போடுகிறேன்:

"t = (ஆண்டு − 1901)/10. மடக்கை பத்தடிமானம். 1901–1981-க்குச் சாய்வு 0.111, அதாவது பத்தாண்டுக்கு 1.29 மடங்கு, இரட்டிக்க 27 ஆண்டு. வெட்டுத்துண்டு −0.025, அதாவது 1901-க்குக் கோட்டின் மதிப்பு 0.94 லட்சம், எண்ணியது 1.06 லட்சம். இந்தக் காலத்தில் நகர எல்லை மாறியிருப்பதால் சாய்வு பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு ஆகியவற்றோடு எல்லை விரிவையும் சேர்த்தே காட்டுகிறது. 1981-க்குப் பின் இக்கோடு பொருந்தாது. முன்கணிப்புக்குப் பயன்படுத்தவில்லை."

"முன்கணிப்புக்குப் பயன்படுத்தவில்லை" என்பது என் பங்கு. மற்றதெல்லாம் அவளே எழுதியது. இந்தத் தடவை வட்டம் இல்லாமல் வந்தது.

1990 எட்டாம் வகுப்புக்காரர்களே, சுவரில் நான் சொன்ன பன்னிரண்டு லட்சத்தை உங்கள் நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள். நோட்டு இன்னும் வைத்திருப்பவர்கள் ஒரு போட்டோ அனுப்பினால் சந்தோஷம். என்னிடம் தாள் இல்லை.

2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை என்பதால் அவளுடைய வரைபடத்தில் t = 12 காலியாக இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அந்தப் புள்ளியை 13-ல் வைக்கப் போனாள். "12.6-ல் வை பாப்பா" என்றேன். பென்சிலால் லேசாக ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறாள், மேலே எத்தனை என்று எழுதவில்லை.